களாக்காயும் பலாக்காயும்: பணத்தின் தற்போதைய பெறுமதி பற்றிச் சில குறிப்புகள்

நாளை கிடைக்கும் பலாக்காயிலும் இன்று கிடைக்கும் களாக்காயே மேல் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. பழமொழிகளை மக்களின் அனுபவச் சுருக்கமாகக் கொள்வது ஆய்வாளர் மரபு. ஆனால், இப்பழமொழியை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டு, எத்துணைச் சிறிய களாக்காய் எத்துணைப் பெரிய பலாக்காய்க்கு ஈடாகும் என்று எவரும் கேட்பதில்லை. பலாக்காய் நாளை வருவதற்குப் பதிலாக நான்கு மாதங் கழித்து வருமாயின் விடை மாறுமா? கேட்பவர் கடன்காரராக இருந்தால் ஒரு விடையும், கடன் கொடுப்பவராக இருந்தால் வேறொரு விடையும் வருமா? பொருளியலார் ‘தற்போதைய பெறுமதி’ என வழங்கும் எண்ணக்கரு இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கான கருவியாகும்.

இக்கருவியை விளக்குவதும், அதனுள் மறைந்து நிற்கும் சமூக உறவை வெளிக்கொணர்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம். இதற்கு அம்பாறைக் கரையோரத்தின் நெற்செய்கையை, குறிப்பாகப் பாலமுனை போன்ற ஊர்களின் நிலையை, எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அட்டாளைச்சேனைக்கும் ஒலுவிலுக்கும் இடையே, கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியுமாக அமைந்த ஊர் பாலமுனை. கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் வாழ்வு பெருமளவுக்கு வட்டைகளின் விளைச்சலோடு பிணைந்தது. விளைச்சல் ஆண்டில் இருமுறை வருகின்றது. செலவோ ஆண்டு முழுவதும் நிகழ்கின்றது. இவ்விடைவெளியிலேதான் பணத்துக்குக் காலம் ஒரு விலையைப் பெறுகின்றது.

1. கணக்கின் அடிப்படை

இன்று கையிலுள்ள நூறு ரூபா, ஓராண்டுக்குப்பின் கிடைக்கவுள்ள நூறு ரூபாவுக்குச் சமமன்று. இன்றைய நூறு ரூபாவை ஆண்டுக்கு 9 வீதம் தரும் வைப்பில் இட்டால் அது ஓராண்டில் 109 ரூபாவாகின்றது. ஆகவே, ஓராண்டுக்குப்பின் வரும் 109 ரூபாவின் இன்றைய பெறுமதி 100 ரூபா என்கிறோம். முன்னோக்கிச் செல்லும்போது 1.09 ஆற் பெருக்குகிறோம். பின்னோக்கி வரும்போது அதே எண்ணால் வகுக்கிறோம். ஈராண்டாயின் இருமுறை, மூவாண்டாயின் மும்முறை வகுத்தல் வேண்டும். கணக்கு இவ்வளவே. வகுப்பதற்குப் பயன்படும் வீதத்தைக் கழிவு வீதம் என்பர்.

கணக்கு எளிது, கடினமானது வீதத்தைத் தெரிவது. பாடநூல்கள் பெரும்பாலும் வங்கி வட்டியை எடுத்துக்கொண்டு அமைதியடைகின்றன. ஆனால், கழிவு வீதம் என்பது உண்மையில் ஒரு வினாவுக்கான விடையாகும்: இப்பணம் இன்று என் கையில் இருந்தால் அதனால் எனக்கு என்ன ஆகும்? வைப்பில் இடக்கூடியவருக்கு அதன் விடை வைப்பு வட்டி. கடனை அடைக்கவேண்டியவருக்கு அதன் விடை அக்கடனின் வீதம். ஒரே பணம், இரு வீதங்கள். மேற்கொண்டு நாம் காணவிருப்பன யாவும் இவ்வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

2. ஒரு போகத்தின் கணக்கு

பெரும்போக அறுவடை தை, மாசி மாதங்களில் நிகழும் ஒரு வட்டையை எண்ணிக்கொள்வோம். 2025 பெப்ருவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ ஒன்றுக்கு 120 ரூபாவை உத்தரவாத விலையாக அறிவித்தது. அவ்விலை 14 வீத ஈரப்பதனுக்கு மேற்படாத நெல்லுக்கே உரியது. இயந்திரம் அறுத்துக் கொட்டும் நெல் அவ்வளவு உலர்ந்திருப்பதில்லை. காயவைப்பதற்குக் களமும் நாட்களும் வேண்டும். வயலோரத்திற் பாரவண்டியோடு நிற்கும் வியாபாரியோ ஈர நெல்லையும் வாங்குவார்; உடனே பணமும் தருவார்; விலையைக் குறைப்பார்.

இனி வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டவை. ஒரு விவசாயியிடம் 4,000 கிலோ நெல் உள்ளது. வியாபாரி கிலோவுக்கு 105 ரூபா தர முன்வருகிறார். அஃதாவது இன்றே 4,20,000 ரூபா. ஆலைக்காரர் ஒருவர் கிலோவுக்கு 120 ரூபா தருவதாகச் சொல்கிறார். ஆனால், நெல்லை இன்று ஏற்றிக்கொண்டு பணத்தை நான்கு மாதங் கழித்தே தருவார். அஃதாவது பின்னர் 4,80,000 ரூபா. வேறுபாடு 60,000 ரூபா. நான்கு மாதப் பொறுமைக்கு 60,000 ரூபா கிடைக்கும்போது, இன்றே விற்பவரை அவசரக்காரர் என்றோ கணக்கறியாதவர் என்றோ சொல்லத் தோன்றும். அது சரியா என்று பார்ப்போம்.

இவ்விவசாயி விதைப்புக்காலத்திற் பசளையும் கிருமிநாசினியும் கடையிற் கடனாக வாங்கினார். கைக்காசுக்கு 10,000 ரூபாவாகும் பொருள், அறுவடைக் கணக்கில் 12,000 ரூபா என எழுதப்பட்டது. கடைக்காரர் வட்டி வாங்குவதில்லை. விவசாயியும் வட்டி கொடுப்பதில்லை. இருவரும் விலையைப் பற்றியே பேசினர். எனினும், இரு விலைகளின் வேறுபாட்டுக்குள் நான்கு மாதத்துக்கு 20 வீதம் என்ற வீதம் மறைந்திருக்கின்றது. அதனை ஆண்டுக்குக் கணக்கிட விரும்புவோர் 20 ஐ மூன்றாற் பெருக்கி 60 வீதம் என்பர். அது பிழை. ஒவ்வொரு நான்கு மாதமும் முந்திய தொகை முழுவதன்மீதும் 20 வீதம் ஏறுவதால் 1.2 ஐ மும்முறை பெருக்கவேண்டும். அது 1.728 ஆகும், எனவே, ஆண்டு வீதம் ஏறத்தாழ 73.

அவருடைய கடைக்கடன் 3,00,000 ரூபா என்க. இன்று விற்றால் கடன் தீரும். 1,20,000 ரூபா எஞ்சும். அவ்வெச்சத்தைக் கொண்டு சிறுபோகத்துக்கான உழவு, விதைநெல், பசளைச் செலவுகளைக் கைக்காசாகவே செய்வார். அது இல்லாவிடின் அவற்றையும் அதே 20 வீத வேறுபாட்டிற் கடனாகவே பெறுவார். ஆகவே, அவர் கையில் இன்று வரும் ஒவ்வொரு ரூபாவும் நான்கு மாதத்தில் 1.20 ரூபாக் கடனைத் தவிர்க்கின்றது. அவருக்கு உரிய கழிவு வீதம் 20. நான்கு மாதங் கழித்து வரும் 4,80,000 ஐ 1.20 ஆல் வகுத்தால் 4,00,000 ரூபா. வியாபாரி தரும் 4,20,000 அதனைவிட 20,000 ரூபா அதிகம். ஆக, அவர் இன்று விற்பதே சரி. காத்திருப்பது அவருக்கு ஈடுகட்ட வேண்டுமானால் ஆலைக்காரர் கிலோவுக்கு 126 ரூபா தரவேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மேற்கூறிய கணக்குப் பணம் முழுவதும் கடனைத் தவிர்க்கப் பயன்படும் நிலையிலேயே செல்லும். அவருடைய கடைக்கடன் ஒரு இலட்சம் மட்டுமேயாகி, எஞ்சிய பணம் வங்கியில் உறங்குமாயின், அம்மிகுதிக்கு 20 வீதத்தைப் பயன்படுத்துவது தவறு. அப்போது நெல்லிற் கடனடைக்கப் போதுமான பங்கை மாத்திரம் இன்று விற்று, மிகுதியைப் பிந்திய விலைக்கு விடுவதே பொருத்தமாகும். ஒருவருக்கு ஒரேயொரு கழிவு வீதமே உண்டு என்ற எண்ணம் நடைமுறையிற் பல பிழைகளுக்குக் காரணமாகின்றது.

3. ஒரே வாக்குறுதி, இரு பெறுமதிகள்

இனி, அதே வட்டையில் அதே அளவு நெல்லைக் கொண்ட ஒரு போடியாரை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கடையிற் கடனில்லை. கையில் வரும் பணத்தை அவர் ஆண்டுக்கு 9 வீதம் தரும் வைப்பில் இடுவார். நான்கு மாதத்துக்கு அது 3 வீதமாகும். அவருக்கு அதே 4,80,000 ரூபா வாக்குறுதியின் இன்றைய பெறுமதி, 1.03 ஆல் வகுக்க, ஏறத்தாழ 4,66,000 ரூபா. வியாபாரியின் 4,20,000 ஐ அவர் ஏறெடுத்தும் பாரார். அவர் காத்திருப்பதும் சரியே.

ஒரே நெல், ஒரே விலை, ஒரே தவணை. ஆயினும், ஒருவருக்கு அதன் பெறுமதி நான்கு இலட்சம்; மற்றவருக்கு நான்கு இலட்சத்து அறுபத்தாறாயிரம். இவ்வேறுபாட்டை மேலைப் பொருளியல் எவ்வாறு விளக்கியது? 1889 இற் போம்-பாவேர்க் எதிர்காலப் பொருள்களை மனிதர் இயல்பாகவே குறைத்து மதிப்பிடுகின்றனர் என வாதித்தார். 1930 இல் இர்விங் ஃபிஷர் வட்டியின் தோற்றத்துக்கு மனிதரின் பொறுமையின்மையையும் முதலீட்டு வாய்ப்பையும் காரணங்களாகக் காட்டினார். பொறுமையின்மை என்ற சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அது ஒரு மனப்பாங்கைக் குறிக்கின்றது. இவ்விளக்கத்தின்படி ஏழை விவசாயி பொறுமையற்றவர், போடியார் பொறுமைசாலி.

நமது எடுத்துக்காட்டில் இருவர் மனமும் ஒரே கணக்கையே செய்கின்றது. இருவரும் பெரிய தொகையையே நாடுகின்றனர். வேறுபடுவது மனமன்று, அவர்கள் நிற்கும் இடம். ஒருவர் பணத்தைக் கடனாகப் பெறும் பக்கத்திலும் மற்றவர் பணத்தை இடும் பக்கத்திலும் நிற்கின்றனர். கழிவு வீதம் தனிமனித குணத்தின் அளவுகோல் அன்று; உற்பத்தி உறவுகளில் ஒருவர் வகிக்கும் இடத்தின் அளவுகோலாகும்.

இதிலிருந்து மற்றொன்றும் பெறப்படுகின்றது. தனக்கு நான்கு இலட்சமே பெறுமதியான ஒன்றை விவசாயி 4,20,000 க்கு விற்று இலாபமடைகிறார். அதனை வாங்கிக் களஞ்சியப்படுத்தும் வசதியுடையவருக்கு அது 4,66,000 பெறுமதியாகையால் அவரும் இலாபமடைகிறார். சந்தை இருவரையும் வாழவைத்துவிட்டது என்று சொல்லி இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது வழக்கம். நெல் உலர்வதால் ஏற்படும் நிறையிழப்பு, களஞ்சியச் செலவு, விலை வீழும் அபாயம் ஆகியவற்றை வியாபாரி ஏற்கிறார் என்பதும் உண்மையே. ஆனால், அவற்றைக் கழித்தபின்னும் எஞ்சும் பங்கு, விவசாயியின் வீதம் 20 ஆகவும் வாங்குபவரின் வீதம் 3 ஆகவும் இருப்பதிலிருந்தே வருகின்றது. பசளையைக் கடனுக்கு விற்பவரும் நெல்லை வாங்குபவரும் ஒருவராகவே அமையும் இடங்களில், அவர் ஒரு கையால் வீதத்தை உயர்த்தி மறுகையால் அதன் பயனை அறுவடை செய்கிறார்.

உத்தரவாத விலையை மாத்திரம் உயர்த்துவது ஏன் போதாது என்பதும் இதனால் தெளிவாகும். 1971 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் நெற் சந்தைப்படுத்தும் சபை அமைக்கப்பட்டது. எத்துணை உயர்ந்த விலையை அது அறிவித்தாலும், கொள்வனவு அறுவடைக்குப் பிந்தித் தொடங்குமாயின், அல்லது நெல்லை உலர்த்தும் வசதி விவசாயிக்கு இல்லையாயின், அவ்விலை 20 வீதத்தாற் கழிக்கப்பட்டே அவரை அடைகின்றது. மலிவான போகக் கடனும் களமும் களஞ்சியமும் அவருடைய கழிவு வீதத்தைக் குறைக்கும். அவ்வீதம் 3 ஆகிவிட்டால் அவரும் போடியாரைப் போலவே பொறுமைசாலியாகிவிடுவார்.

4. காலமும் ஐயமும் வட்டியும்

பழமொழிக்குத் திரும்புவோம். களாக்காய் மேலானது என்பதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பலாக்காய் பிந்தி வருகின்றது. மற்றொன்று, அது வராமலே போகலாம். காலமும் ஐயமும் வெவ்வேறானவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் கூடாது. ஆலைக்காரர் பணந் தராமற்போகும் வாய்ப்புப் பத்தில் ஒன்று என்க. அப்போது 4,80,000 ரூபா வாக்குறுதியை முதலில் 4,32,000 ரூபாவாகவே கொள்ளவேண்டும். போடியார் அதனை 1.03 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4,19,400 ரூபா. அஃதாவது, கடனே இல்லாத அவருக்குங்கூட இன்றைய 4,20,000 சற்றே மேலாகிவிடுகின்றது. பத்தில் ஒரு பங்கு ஐயம், நான்கு மாத வைப்பு வட்டியைப் போல் மும்மடங்குக்கு மேற்பட்ட சேதத்தைச் செய்கின்றது. ஐயத்தை இவ்வாறு தொகையிற் குறைத்தபின், அதே ஐயத்துக்காக வீதத்தையும் உயர்த்துவது இருமுறை கழிப்பதாகும்.

மூன்றாவது காரணம் பணவீக்கம். 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. 2021 செப்டெம்பரில், ஓராண்டில் ஒரு இலட்சம் தருவதாகப் பெற்ற வாக்குறுதி ஒரு சதமும் குறையாமல் நிறைவேற்றப்பட்டிருப்பினும், அப்பணத்துக்கு முந்திய ஆண்டின் விலையில் ஏறத்தாழ 58,900 ரூபாவுக்குரிய பொருள்களே கிடைத்திருக்கும். வாக்குறுதி நிறைவேறியது, பெறுமதி நிறைவேறவில்லை.

கரையோர ஊர்களில் இக்கணக்கைக் குறித்து எழும் ஒரு நியாயமான ஐயத்தையும் கவனித்தல் வேண்டும். வட்டி விலக்கப்பட்டதாயின் காலத்துக்கு விலை கற்பிப்பது பொருந்துமா? இஸ்லாமியச் சட்டவியலாளரிற் பெரும்பாலோர் பொருளின் தவணை விலை கைக்காசு விலையைவிட அதிகமாயிருப்பதை அனுமதித்துள்ளனர். ஆனால், விலை ஒப்பந்தத்தின்போதே ஒன்றாக உறுதிசெய்யப்பட வேண்டும். தவணை தப்பியபின் அதனைக் கூட்டலாகாது. முழுவிலையையும் முன்கூட்டிக் கொடுத்து விளைச்சலைப் பின்னர் பெறும் ஸலம் என்னும் விற்பனையும் ஏற்கப்பட்டது. அங்கு முன்பணம் பிந்திய சந்தை விலையைவிடக் குறைந்திருப்பது வழக்கம். ஆகவே, விற்பனையிற் காலம் கணக்கில் எடுக்கப்படுவதை அம்மரபு அறிந்தே இருந்தது. அது தடுத்தது கடன் தானே வளர்வதை. நமது விவசாயியின் துன்பமும் அங்கேதான் தொடங்குகின்றது: அறுவடையில் அடைபடாத 3,00,000 ரூபா அடுத்த போகத்துக்கு 3,60,000 ரூபாவாகப் புதிய கணக்கில் ஏறும் தருணத்தில். தற்போதைய பெறுமதிக் கணக்கு வட்டியை நியாயப்படுத்துவதன்று. விலைக்குள் ஒளிந்திருக்கும் வீதத்தைக் காட்டுவது.

5. தொழிலாளர் சேமிப்பும் நீண்ட தவணையும்

வட்டையில் நிகழ்வது நாட்டளவிலும் நிகழ்கின்றது. ‘மூலதனம்’ மூன்றாந் தொகுதியில் (1894) மார்க்ஸ் கற்பனை மூலதனம் பற்றி ஆராயுமிடத்து, ஆண்டுதோறும் 100 பவுண் வருமானம் தரும் உரிமை, வட்டி வீதம் 5 ஆகுமிடத்து 2,000 பவுண் மூலதனமாக மதிக்கப்படுவதைக் காட்டுகிறார். வீதம் ஏறினால் அம்மதிப்பு இறங்கும். அரசாங்க முறி என்பது இத்தகையதோர் உரிமையே. அதில் எழுதப்பட்ட தொகை மாறாமலே அதன் பெறுமதி மாறக்கூடும்.

2023 இல் நிகழ்ந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு இதற்குத் தக்க சான்று. ஊழியர் சேமலாப நிதியம் முதலான ஓய்வுகால நிதியங்களின் கைவசமிருந்த திறைசேரி முறிகளுக்குப் பதிலாக, 2027 முதல் 2038 வரை முதிர்வடையும் புதிய முறிகள் வழங்கப்பட்டன. அவற்றின் வட்டி தொடக்கத்தில் 12 வீதம், பின்னர் 9 வீதம். இம்மாற்றத்தை ஏற்காத நிதியங்களின் முறி வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி என்றும் அறிவிக்கப்பட்டது. வங்கிகளின் முறிகள் இத்திட்டத்துக்கு வெளியே விடப்பட்டன. முதலில் ஒரு சதமும் வெட்டப்படவில்லை என்பது அரசின் வாதம். எழுதப்பட்ட தொகையைப் பொறுத்தவரை அது உண்மை.

எளிமைக்காகத் தொடக்கத்து 12 வீத ஆண்டுகளை விட்டு, 100 ரூபா முறியொன்று 15 ஆண்டுகள் 9 ரூபா வீதம் வட்டியும் இறுதியில் 100 ரூபா முதலும் தருவதாகக் கொள்வோம். மொத்தம் 235 ரூபா. இன்று கையில் வரும் நூறைவிட இது மிகப் பெரியதாகத் தோன்றும். கழிவு வீதம் 9 ஆயின் அதன் இன்றைய பெறுமதி சரியாக 100 ரூபா. 15 வீதமாயின் ஏறத்தாழ 65 ரூபா. பரிமாற்றம் அறிவிக்கப்பட்ட வேளையில் அரச முறிகளின் சந்தை வீதங்கள் 15 ஐயும் கடந்தே இருந்தன. பின்னர் வீதங்கள் வீழ்ந்தன. 11 வீதமாகக் கொண்டால் அதே முறியின் பெறுமதி ஏறத்தாழ 86 ரூபா. எனவே, இழப்பு எவ்வளவு என்பது தெரியும் வீதத்தைப் பொறுத்தது. எதிர்வாதிகள் 65 ஐயும், அரசு 100 ஐயும் சொல்வதில் எவரும் கூட்டற் பிழை விடவில்லை. வேறுபடுவது வகுக்கும் எண். ஆகையால், இத்தகைய விவாதங்களில் முதலிற் கேட்கவேண்டிய வினா, தொகை எவ்வளவு என்பதன்று. எவருடைய வீதத்தாற் கழிக்கப்பட்டது என்பதே.

6. முடிவாக

பின்னர் வரும் பெருந்தொகையை இன்றைய சிறுதொகையோடு ஒப்பிடும் ஒருவர், இப்பணம் இன்று கையில் இருந்தால் எந்தக் கடனைத் தவிர்க்கும் அல்லது எந்த வருமானத்தைத் தரும் என்பதை முதலில் அறியவேண்டும். அதுவே அவருடைய வீதம். வாக்குறுதி நிறைவேறும் வாய்ப்பைத் தொகையிலேயே குறைத்துக்கொள்ள வேண்டும். வீதத்தில் விலைவாசி உயர்வு அடங்கியுள்ளதா என்று பார்க்கவேண்டும். அதன்பின்னர் எஞ்சுவது வகுத்தல் மட்டுமே. களாக்காய் எப்போதும் மேலானதன்று. போடியாரின் கணக்கில் நிச்சயமான பலாக்காயே மேல். களாக்காயை எடுத்தே தீரவேண்டியவர்கள் ஒரு சமூகத்திற் பெருந்தொகையினராக இருப்பின், அதற்கான காரணத்தை அவர்களுடைய பொறுமையில் அன்றி, அவர்கள் கடன்பெறும் வீதத்திலும் அவ்வீதத்தை நிலைநிறுத்தும் உறவுகளிலும் தேடுதல் வேண்டும்.